பீரோவுக்குள் இருக்கும் குழித்துறை: பழைய போட்டோவை வரலாற்றில் சேர்ப்பது எப்படி?

1956 நவம்பர் 1-ம் தேதிதான் குழித்துறை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் இந்த ஊர் வீட்டு ஆல்பங்களில், தமிழ்க் குடும்பத்தின் போட்டோவுக்குப் பின்னால்கூட மலையாள எழுத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி அமாவாசை வாவுபலிக்கு வந்த ஐந்து பேர் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். முத்திரையில் 'திருவிதாங்கூர்' என்று இருக்கிறது. திருவிதாங்கூர் 1949 ஜூலையில் கொச்சியோடு இணைந்துவிட்டதால், படம் அதற்கு முந்தையது என்று எழுதத் தோன்றும். அவசரப்படக் கூடாது. பழைய முத்திரையை ஸ்டூடியோக்காரர் மேலும் சில வருஷம் குத்தியிருக்கலாம். ஆக, 'சுமார் 1950, முத்திரையை வைத்து' என்பதே நேர்மை.

அடுத்து ஆட்கள். "பாட்டா, இடது ஓரத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறிக்க வேண்டும். பெயர் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் வேண்டும். கண்ணுக்குத் தெரிவது வேறு, வீட்டார் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் பின்னால் வருகிறவரால் பிரிக்க முடியாது. கட்டுரையில் அது இப்படி வரும்:

'ஆற்றங்கரையில் ஐந்து பேர், கறுப்பு வெள்ளை, சுமார் 1950 (முத்திரையை வைத்து). இடம், பெயர்கள்: வீட்டார் சொன்னவை. தனியார் சேகரிப்பு, குழித்துறை. நேரில் பார்த்த நாள்: 12.4.2025. அச்சிட எழுத்துமூல அனுமதி உண்டு.'

இதில் 'அச்சிட' என்ற சொல் முக்கியம். மொபைலில் படம் எடுத்துக்கொள்ள, புத்தகத்தில் போட, இணையத்தில் ஏற்ற, பெயரைச் சொல்ல... ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். புத்தகத்துக்குச் சம்மதிக்கும் ஆச்சி, ஃபேஸ்புக் என்றதும் தலையாட்ட மாட்டார். அது அவர் விருப்பம்.

ஆல்பம் யார் பீரோவில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும் சொல்லிவிட முடியாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ம் வருட காப்புரிமைச் சட்டம். அவருக்குப் பின் வாரிசுகள். அண்ணன் சரி சொல்லி, சென்னையில் இருக்கும் தங்கை வேண்டாம் என்றால் படத்தை நிறுத்திவைத்து, வர்ணனையை மட்டும் பயன்படுத்தலாமா என்று இருவரிடமும் கேட்பதுதான் நல்லது.

படத்தை 'நாளைக்குத் தாறேன்' என்று வாங்கிப் போகாதீர்கள். ஊரில் பல ஆல்பங்கள் தொலைந்தது அப்படித்தான். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் அங்கேயே எடுத்துவிடலாம். பக்கத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்கிற வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண் யாருடையது என்பதைத் தனி நோட்டில் எழுதிவைத்தால் போதும்.