மூடாத துளையும் நிலத்தவர் கடமையும்

"என் அனுமதியின்றி என் நிலத்தில் நுழைந்தவருக்கு நேரும் விபத்துக்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?" என்று நிலமுடையோர் வினவுவதுண்டு. பிரிட்டனின் பிரபுக்கள் சபையும் 1929-இல் ஏறத்தாழ இக்கருத்தையே கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்க நிலத்தில் புகுந்த நான்கு வயதுக் குழந்தை இயந்திரச் சக்கரத்தில் சிக்கி மாண்டது. அத்துமீறி நுழைந்த குழந்தையாதலால் சுரங்கத்தார் பொறுப்பாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று.

1972-இல் அதே சபை அக்கொள்கையைக் கைவிட்டது. மின்சார இருப்புப்பாதை ஒன்றின் வேலி சிதைந்து கிடந்தது. சிறுவர் பாதையில் காணப்படுவது ரயில்வேயாருக்குத் தெரிந்தும் வேலி செப்பனிடப்படவில்லை. உள்ளே புகுந்த ஆறு வயதுச் சிறுவன் கடுங்காயமுற்றான். ரயில்வேயாரே பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அபாயமும், குழந்தைகள் வரக்கூடும் என்பதும் தெரிந்திருந்து, எளிய செலவில் தடுக்கவும் கூடுமாயின், தடுப்பதே மனிதத்தன்மைக்குரிய கடமை என்பது இதன் சாரம். நம் நாட்டு நீதிமன்றங்களும் இத்தகைய கொள்கைகளைக் கருத்திற் கொள்வதுண்டு. நிலத்தைத் தம் ஆளுகையில் வைத்திருப்பவர் மீதே இக்கடமை சார்வதால், குத்தகைதாரரும் "நிலம் என்னுடையதன்று" என ஒதுங்குதல் இயலாது.

நம் காடுகழனிகளில் இவ்வபாயம் பெரும்பாலும் நீர் வற்றிய ஆழ்துளைக் கிணற்றின் வடிவில் உள்ளது. தண்ணீர் கிட்டாதபோது கேஸிங் குழாயை மறு உபயோகத்துக்கென உருவிவிடுகின்றனர். அதன்பின் துளைவாயைச் சுற்றிய மண் மழையில் கரைந்து வாய் அகலுகிறது. மேலே போட்ட சாக்கு மக்கிப்போகிறது, புல் மூடிக்கொள்கிறது. 2010-இல் உச்சநீதிமன்றம் இதற்கென நெறிமுறைகள் வகுத்தது. துளையிடுமுன் 15 நாட்களுக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். வேலை நடக்கையில் முள்வேலி வேண்டும். கைவிடும் துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கற்கள் முதலியவற்றால் நிரப்புதல் வேண்டும்.

"அடியிலிருந்து" என்னும் சொல் கவனிக்கத்தக்கது. அவசரமாகக் கொட்டினால் கற்கள் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மேலே நிரம்பியதுபோல் தோன்றினும் கீழே வெற்றிடமிருக்கும். ஒரு மழையில் மண் உள்வாங்கிவிடும். இதை அறியக் கணக்கொன்று உண்டு. முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழத்தை அளந்துகொள்க. ஆறரை அங்குலத் துளை 300 அடி ஆழமிருப்பின், ஏறத்தாழ 70 கன அடி மண் கொள்ளும். அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 30 கன அடியிலேயே வாய் நிரம்பிவிட்டால் அடைப்பு நேர்ந்துள்ளது என்பது திண்ணம். ஆதலின் சிறு கற்களையும் மண்ணையும் சிறிது சிறிதாக இடுக. பெருமழைக்குப்பின் சென்று பார்த்து, அமிழ்ந்திருப்பின் மீண்டும் நிரப்புக. அதுவரை வேலியை அகற்றலாகாது.

எச்சரிக்கைப் பலகை பெரியோருக்கே பயன்படும். எழுத்தறியாக் குழந்தையைக் காப்பது நிரம்பிய மண்ணே. முக்கால் யூனிட் மண்ணின் விலையை மிச்சம் பிடித்தவர், விபத்து நேர்ந்தபின் நீதிமன்றத்தில் கூறத்தக்க சமாதானம் யாதும் இராது.