சூரிய ரேகையும் ஆரோக்கிய ரேகையும்

உள்ளங்கையில் மோதிர விரலின் அடியை நோக்கி ஏறும் கோட்டைச் சூரிய ரேகை என்பர் கைரேகை நூலார். சுண்டுவிரலின் அடியை நோக்கிச் சாய்வாக ஏறுவது ஆரோக்கிய ரேகை. புதன் ரேகை என்றும் அதற்குப் பெயருண்டு.

முன்னது இருந்தால் புகழ். இல்லையேல் உழைப்புக்கேற்ற பெயர் கிட்டாது. முறிந்திருந்தால் இடையில் தடை என்பர். பின்னதற்கோ முறை தலைகீழ். அது இல்லாதிருப்பதே நல்லுடலுக்கு அறிகுறி என்பது கீரோ (1866–1936) போன்றோரின் கருத்து. துண்டுபட்டிருந்தால் செரிமானக் கோளாறு என்று சொல்வர்.

நான் கண்ட ஒரு மாணவனின் கையில் சூரிய ரேகை நடுவே முறிந்து மீண்டும் தொடர்ந்தது. ஆரோக்கிய ரேகை இல்லை. தேர்வில் தவறிவிடுவோமோ என்று அவன் அஞ்சினான். அவன் தவறினால் முறிவு காரணமாகும். தேறினால் தொடர்ந்த கோடு காரணமாகும். இரு முடிவுக்கும் ஒரே ரேகை சான்றானால், அது எதனையும் முன்னறிவித்ததாகாது என்றேன்.

மருத்துவரும் உள்ளங்கையைப் பார்ப்பதுண்டு. அது வெளிறியிருந்தால் இரத்தசோகையோ என ஐயுற்று இரத்தத்தைச் சோதிப்பார். அவர் ஐயம் தவறாயின் சோதனை அதனைக் காட்டிவிடும். ரேகைப் பலனுக்கு அத்தகைய சோதனை இல்லை. கையின் பெருங்கோடுகள் கருவிலேயே அமையும் தோல்மடிப்புகள். ஆரோக்கிய ரேகை இல்லையென்று மகிழ்ந்து, நாட்பட்ட வயிற்றுவலியைப் பொருட்படுத்தாதிருப்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.