வேலை நேரம் மாறும்போது எழுதும் செய்தி

மும்பை மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள வீடுகளில் வேலை செய்யும் பெண்களுள் பலர் அருகிலுள்ள தாராவியிலிருந்து நடந்தே வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் ஒரே வீட்டில் நாள் முழுவதும் இருப்பதில்லை. ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கியபின் அடுத்த வீட்டில் பெருக்கித் துடைப்பர். அங்கிருந்து மூன்றாம் வீட்டிற்குச் செல்வர். ஆகையால் ஒரு வீட்டின் நேரம் மாறினால் மற்ற வீடுகளின் நேரமும் மாறுகிறது. விழா நடத்தும் வீட்டார் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடைபெற இருப்பதாகக் கொள்வோம். வியாழன் முதல் வெளியூர் உறவினர் வந்து தங்குவர். பணிப்பெண் அவ்வீட்டிற்கு நாள்தோறும் காலை 9 மணிக்கு வந்து 10 மணிக்குச் செல்பவர். ஞாயிறு அவருக்கு விடுமுறை. வீட்டுத்தலைவி முதலில் கைப்பேசியில் இவ்வாறு எழுதுகிறார்: “நாளை முதல் சீக்கிரம் வரவும். வேலை அதிகம்.”

‘சீக்கிரம்’ என்பது ஆறு மணியா, எட்டு மணியா என்பது இதில் தெரியவில்லை. எத்தனை நாளைக்கு என்பதும் இல்லை. கூடுதல் வேலைக்கு ஊதியம் உண்டா என்பதும் இல்லை. ‘வரவும்’ என்னும் வடிவம் அறிவிப்புப் பலகைக்கு உரியது. அது கட்டளையாக ஒலிக்கும், மறுமொழிக்கு இடம் தராது. இதைப் படித்த பணிப்பெண் ஏழு மணிக்கே வந்துவிட்டால், 7.30 மணிக்கு அவரை எதிர்பார்த்திருக்கும் முதல் வீட்டில் வேலை தடைப்படும். அந்த வேலையை அவர் இழக்கவும் கூடும். நான்கு நாள் விழாவிற்காக ஒருவருடைய மாத வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும்.

எனவே செய்தி எழுதுமுன் பேச வேண்டும். வீட்டுத்தலைவி கேட்டபோது, “காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு நேரே முதல் வீட்டிற்குப் போக வேண்டும் அம்மா. மூன்று மணிக்கு மேல் என்றால் வர முடியும்” என்கிறார் பணிப்பெண். உறவினர் உண்ட பாத்திரங்கள் சேர்வதும் அந்த நேரத்தில்தான். ஆகவே காலை நேரத்தை மாற்றாமல், பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ள இருவரும் இசைகின்றனர். கூடுதல் நேரத்திற்கு மணிக்கு 150 ரூபாய் என்றும் பேசி முடிக்கின்றனர். வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாளுக்கு நாலரை மணி. ஞாயிறு மூன்று மணி. ஆக ஏழரை மணி நேரத்திற்கு 1,125 ரூபாய். விடுமுறை நாளில் வருவதால் திங்கட்கிழமை ஓய்வு.

அதன்பின் எழுதப்படும் செய்தி இது:

“அக்கா, வணக்கம். நாம் பேசியபடி எழுதுகிறேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் காலை 9 மணிக்கு வழக்கம்போல வாருங்கள். பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை பாத்திர வேலைக்கு மீண்டும் வர வேண்டும். ஞாயிறு காலை வர வேண்டாம். பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை வந்தால் போதும். பந்தி முடியத் தாமதமானால் 11 மணிக்குள் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உங்களைக் காக்க வைத்தால் அந்த நேரமும் கணக்கில் சேரும். கூடுதல் பணம் 1,125 ரூபாயை ஞாயிறு அன்றே தந்துவிடுகிறேன். திங்கள் உங்களுக்கு விடுமுறை. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. செவ்வாய் முதல் பழைய நேரம். வாயிற்காவலரிடமும் சொல்லிவிட்டேன். இதில் ஏதாவது ஒத்துவராவிட்டால் இன்றே சொல்லுங்கள்.”

பந்தியைப் பற்றிய வரி இதில் இன்றியமையாதது. விருந்தினர் பலராயின் இரண்டு, மூன்று பந்திகள் நடக்கும். கடைசிப் பந்தி எழுந்த பின்னரே பெரிய பாத்திரங்கள் துலக்க வரும். காலையில் சடங்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், அதன் சுமை கடைசியில் பணிப்பெண்ணின் மாலைப் பொழுதில்தான் விழும். வாயிற்காவலரிடம் சொல்வதும் தேவையே. வழக்கமில்லாத நேரத்தில் வருபவரைச் சில குடியிருப்புகளில் வாயிலிலேயே நிறுத்திக் கேட்பர்.

மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழருள் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் உண்டு. அத்தகையோருக்கு இதே செய்தியைக் குரற்பதிவாக அனுப்பலாம். அப்போது ஒவ்வொரு நாளையும் தனித்தனியே நிறுத்திச் சொல்ல வேண்டும். ‘நாளை’, ‘மறுநாள்’ என்பவற்றைத் தவிர்த்துக் கிழமையின் பெயரையே கூற வேண்டும், ஏனெனில் பதிவை அவர் எப்போது கேட்பார் என்பது தெரியாது.

வீட்டுப் பணியாளருக்கு வேலை நேரம் முதலியவற்றைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. மகாராட்டிரத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நலவாரியம் அமைக்க வழி செய்தது. ஆயினும் வளைகாப்பு வாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வரலாமா என்பதை இருவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியுள்ளது. பேசியதை எழுதி வைத்தால், ஞாயிறு மாலை பணம் எண்ணும்போது இருவரிடமும் ஒரே கணக்கு இருக்கும்.