லித்தியத்தின் மூன்றாவது எலெக்ட்ரான்

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்காகவே அன்றைய மதராஸ் மாகாணத்துக்குப் பல நாட்டு வானியலாளர்கள் வந்து முகாமிட்டிருந்தார்கள். குண்டூரில் பிரான்ஸின் ஜான்சன். மசூலிப்பட்டினத்தில் நம் மதராஸ் வான்நோக்கு நிலையத்தின் நார்மன் போக்சன். சூரியனின் விளிம்பில் எழுந்த தழல்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, போக்சனின் கண்ணில் ஒரு மஞ்சள் கோடு பட்டது. சோடியத்தின் கோட்டை ஒட்டியே இருந்தாலும் அது சோடியத்தினுடையது அல்ல என்பது பிறகு தெளிவானது. அந்தக் கோட்டுக்குச் சொந்தமான தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1895-ல் லண்டனில் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே, ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார்.

கையில் கிடைத்ததும் ஹீலியம் ஒரு விசித்திரத்தைக் காட்டியது. ஜெர்மனியில் ரூங்கேயும் பாஷனும் அதன் கோடுகளை வரிசைப்படுத்தினார்கள். அவை இரண்டு குடும்பங்களாகப் பிரிந்து நின்றன. ஒரு குடும்பத்துக்கும் மற்றதற்கும் இடையே தாவல் எதுவும் தென்படவில்லை. இவை இரண்டு வெவ்வேறு வாயுக்களாக இருக்கலாம் என்றே அவர்கள் நினைத்தார்கள். ஆர்த்தோஹீலியம், பாராஹீலியம் என்ற பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கிரகணத்தன்று தெரிந்த மஞ்சள் கோடு ஆர்த்தோ குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் வாயு ஒன்றுதான். அப்படியிருக்க இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது? சரியான விடையை 1926-ல் ஹைசன்பெர்க் கண்டார். ஹீலியத்தில் இருப்பவை இரண்டே எலெக்ட்ரான்கள். அந்த இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது என்பதுதான் காரணம்.

ஒரே அச்சில் வார்த்த இரண்டு நாணயங்களை மேசையில் உருட்டிவிட்டால், தோற்றத்தில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் எது எங்கே போகிறது என்று கண்ணால் தொடரலாம். எலெக்ட்ரானை அப்படித் தொடர முடியாது. அதற்குக் குறிப்பிட்ட பாதை கிடையாது. அணுவுக்குள் அலையாகப் பரவிக் கிடக்கிறது. இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் ஓர் எலெக்ட்ரானைக் கண்டால், அது முதலாவதா இரண்டாவதா என்ற கேள்விக்கே பொருள் இல்லை.

இதிலிருந்து ஒரு கறாரான விளைவு பிறக்கிறது. இரண்டு எலெக்ட்ரான்களையும் இடம் மாற்றினாலும், அளந்து பார்க்கக்கூடிய எதுவும் மாறக்கூடாது. நாம் அளப்பது நிகழ்தகவை. அது அலைச்சார்பின் வர்க்கம். வர்க்கம் மாறாமல் இருக்க வேண்டுமானால், அலைச்சார்பு அப்படியே இருக்கலாம், அல்லது அதன் குறி மட்டும் மாறலாம். இயற்கை இரண்டையுமே பயன்படுத்துகிறது. ஒளித்துகள்கள் மாறாத வகை. 1924-ல் சத்யேந்திரநாத் போஸ் கணக்கிட்டுக் காட்டிய கூட்டம் அது. எலெக்ட்ரான்கள் குறி மாறும் வகை.

குறி மாறும் சார்பு எப்படி இருக்கும்? ஓர் எலெக்ட்ரான் a என்ற நிலையிலும் மற்றது b என்ற நிலையிலும் இருந்தால், இப்படி எழுத வேண்டும்:

a(1)b(2) − a(2)b(1)

1, 2 என்ற எண்களை மாற்றிப் போட்டால் குறி மாறுவதைப் பார்க்கலாம். இப்போது a, b இரண்டையும் ஒரே நிலையாக ஆக்கிப் பாருங்கள். ஒன்றிலிருந்து அதையே கழிக்கிறோம், விடை பூஜ்யம். அலைச்சார்பே இல்லை என்றால் அப்படியொரு அணுவும் இல்லை. பவுலி 1925-ல் நிறமாலைகளை ஆராய்ந்து வகுத்த தவிர்ப்புத் தத்துவம் இதுதான். எலெக்ட்ரான்களுக்கு நடுவே நின்று எந்த விசையும் அவற்றைத் தள்ளவில்லை. இந்த விஷயத்தில் பலர் தடுமாறுவதால் அழுத்திச் சொல்கிறேன்: இரண்டும் ஒரே நிலையில் இருக்கும் சாத்தியமே கணக்கில் இல்லை.

எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சியும் உண்டு. அதற்கு இரண்டே திசைகள். இடத்தையும் சுழற்சியையும் சேர்த்த முழுச் சார்புதான் குறி மாற வேண்டும். ஆகவே ஹீலியத்துக்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. சுழற்சிப் பகுதி குறி மாறினால் இடப்பகுதி மாறாமல் இருக்கலாம். அப்போது சுழற்சிகள் எதிரெதிர். இது பாரா. சுழற்சிகள் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பகுதி குறி மாறாது; எனவே இடப்பகுதி மாறியாக வேண்டும். இது ஆர்த்தோ. ஒளியை உமிழும்போது அணு தன் சுழற்சி அமைப்பை மாற்றிக்கொள்வது மிக அரிது. அதனால்தான் குடும்பங்களுக்கு இடையே தாவல் தெரியவில்லை.

ஓர் எலெக்ட்ரான் முதல் கூட்டிலும் மற்றது இரண்டாம் கூட்டிலும் உள்ள நிலையை எடுத்துக்கொள்வோம். பாரா வகையில் அதன் உயரம், அடிநிலையிலிருந்து 20.6 எலெக்ட்ரான் வோல்ட். ஆர்த்தோ வகையில் 19.8. இந்த 0.8 வித்தியாசம் சுழற்சிகளின் காந்த விசையால் வந்திருக்க முடியாது; அந்த விசை ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமானது. ஆர்த்தோவில் இடப்பகுதி குறி மாறுவதால், இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே புள்ளியில் இருக்கும் வாய்ப்பு பூஜ்யம். அவை ஒன்றையொன்று தவிர்க்கின்றன. அதனால் உட்கருவின் ஈர்ப்பை ஒன்று மற்றதற்கு மறைப்பது குறைகிறது, ஆற்றல் இறங்குகிறது. இந்த ஆர்த்தோ நிலைக்குக் கீழே அதே குடும்பத்தில் வேறு படியே கிடையாது. இரண்டும் முதல் கூட்டில் உள்ள ஆர்த்தோ நிலைதான் அந்தக் கழித்தலில் பூஜ்யமாகிவிட்டதே! எனவே தனித்து விடப்பட்ட ஓர் ஆர்த்தோ அணு கீழே இறங்க வழியின்றிச் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே நிற்கும். சாதாரணமாக அணுக்கள் நொடியில் கோடியில் ஒரு பங்குக்குள் இறங்கிவிடும்.

இனி லித்தியம். எலெக்ட்ரான்கள் மூன்று. சுழற்சித் திசைகள் இரண்டே என்பதால், மூன்றாவதுக்கு முதல் கூட்டில் இடமில்லை. இரண்டாம் கூட்டுக்குப் போகிறது. தவிர்ப்புத் தத்துவம் இல்லாத ஓர் உலகை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்றும் முதல் கூட்டிலேயே இருக்கட்டும். உட்கருவின் மின்னூட்டம் 3. மற்ற இரண்டும் மறைப்பது போக, ஒவ்வொரு எலெக்ட்ரானும் உணர்வது ஏறக்குறைய 2.4 என்று மாணவர் பாடநூல் முறையிலேயே கண்டுவிடலாம். அதைக் கொண்டு பார்த்தால், ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க 30 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். ஹீலியத்துக்குத் தேவைப்படுவது 24.6. அதாவது லித்தியம் ஹீலியத்தைவிட இறுக்கமான, எதனோடும் சேராத பொருளாக இருந்திருக்கும். நிஜ லித்தியத்துக்கு 5.4 போதும். அதன் வெளி எலெக்ட்ரான், அந்தக் கற்பனை அணுவில் இருப்பதைவிடச் சுமார் ஆறு மடங்கு தொலைவில் உலவுகிறது. லித்தியம் மென்மையான உலோகமாக இருப்பதும், மின்கலத்துக்குள் எளிதில் எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதும் இந்த ஒரு விலக்கத்தால்தான்.

இந்த விதிக்கு எங்காவது மீறல் உண்டா என்றும் தேடியிருக்கிறார்கள். இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில், காஸ்மிக் கதிர்கள் பெரிதும் எட்டாத ஆய்வகத்தில், செம்புத் தகட்டில் பலமான மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். மின்னோட்டம் கொண்டுவரும் புதிய எலெக்ட்ரான்களில் ஒன்று, ஏற்கெனவே இரண்டு நிரம்பிய செம்பின் முதல் கூட்டுக்குள் விழுந்தால், எக்ஸ் கதிர் வெளிப்படும். வழக்கமாகச் செம்பு தரும் கதிரின் ஆற்றல் 8 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. உள்ளே இரண்டு எலெக்ட்ரான்கள் உட்கருவை மறைத்து நிற்பதால், மீறலில் பிறக்கும் கதிர் அதைவிடச் சுமார் 300 குறைவாக இருக்கும். கருவி அதைத் தனியாகக் காட்டிவிடும். மின்னோட்டம் உள்ளபோதும் இல்லாதபோதும் அளந்து ஒப்பிட்டார்கள். அந்த இடத்தில் கோடு எதுவும் எழவில்லை.