பில்லை வங்கியில் கொடுத்த பிறகும் கணக்கு முடிவதில்லை

ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் மதுரைக் கடைக்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு அனுப்புகிறார். ஜூன் 4 தேதியிட்டு மூன்று மாதத் தவணையில் மாற்றுச்சீட்டு எழுதி அனுப்ப, மதுரைக்காரர் ஏற்றுக் கையெழுத்திடுகிறார். தவணை செப்டம்பர் 4-இல் முடிந்தாலும், 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று சலுகை நாட்கள் உண்டு. ஆகவே பணம் தர வேண்டிய நாள் செப்டம்பர் 7.

ஜூலை 7-இல் ஈரோட்டுக்காரருக்கு நூல் வாங்கப் பணம் தேவைப்படுகிறது. பில்லை வங்கியில் கொடுத்து டிஸ்கவுண்ட் செய்கிறார். வட்டி விகிதம் 12 சதவீதம். வங்கி நாள் கணக்குப் பார்க்கும்: ஜூலையில் 24, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 7, ஆக 62 நாட்கள். பில் எழுதிய நாளிலிருந்து எண்ணுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வங்கியின் பணம் வெளியே நிற்கும் நாட்களுக்குத்தான் வட்டி.

1,00,000 × 12/100 × 62/365 = 2,038 ரூபாய். (பாடப்புத்தகம் இரண்டு மாதம் என்று வைத்து 2,000 போடும்.) வியாபாரி கைக்கு வருவது 97,962. அந்தத் தொகைக்கு 2,038 வட்டி என்றால் உண்மையில் ஆண்டுக்கு 12.25 சதவீதம் அளவில் வருகிறது. முழுத் தொகைக்கும் வட்டி போட்டு, அதை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது.

பில் கைக்கு வந்த அன்றே பெறுதற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கில் பற்று, மதுரைக்காரர் கணக்கில் வரவு வைத்தாயிற்று. டிஸ்கவுண்ட் செய்த நாளில் எழுத வேண்டியது:

வங்கி க/கு பற்று 97,962
தள்ளுபடி க/கு பற்று 2,038
பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு வரவு 1,00,000

செப்டம்பர் 7-இல் மதுரைக்காரர் வங்கிக்குப் பணம் கட்டிவிட்டால் ஈரோட்டுக்காரர் ஏட்டில் எந்தப் பதிவும் இல்லை. மதுரைக்காரர்தான் தம் ஏட்டில் செலுத்தற்குரிய மாற்றுச்சீட்டைப் பற்று வைத்து முடிப்பார்.

கட்டாவிட்டால்? வங்கி பில்லை எழுதியவரையே பிடிக்கும். நோட்டரியிடம் குறித்து வாங்கிய செலவு 200 ரூபாய் என்றால், அதையும் சேர்த்து அவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்:

மதுரைக்காரர் க/கு பற்று 1,00,200
வங்கி க/கு வரவு 1,00,200

பெறுதற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கை இங்கே தொடக்கூடாது. அது ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. 2,038 ரூபாயையும் திருப்பி எழுதுவதில்லை. அந்த இரண்டு மாதம் வங்கிப் பணத்தைப் பயன்படுத்தியதற்கான செலவு அது. இடையில் ஆண்டுக் கணக்கு முடிக்க நேர்ந்தால், டிஸ்கவுண்ட் செய்து இன்னும் தவணை வராத பில் தொகையை இருப்புநிலைக் குறிப்பின் அடியில் நேரிடக்கூடிய பொறுப்பாகக் காட்ட வேண்டும்.