ஏமாற்றும் உச்சி

மொட்டை மாடியில் குழாயை நட்டு, அதில் டிஷ்ஷை மாட்டி, டவர் இருக்கும் பக்கமாகத் திருப்பிவிட்டால் இணையம் வந்துவிடும். வேகமாக வருமா என்பதுதான் கேள்வி. டிஷ்ஷின் அமைப்புப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தால் -75 dBm என்பது போல ஓர் எண் தெரியும். டவரிலிருந்து வந்து சேரும் அலையின் வலு அது. மைனஸ் எண் என்பதால் -75ஐவிட -58 நல்லது. 3 கூடினால் வலு இரு மடங்காகும். 10 கூடினால் பத்து மடங்கு.

டிஷ்ஷை மெல்லத் திருப்பினால் எண் ஏறி, ஓர் இடத்தில் உச்சி தொட்டு, பிறகு இறங்கும். அங்கேயே போல்ட்டை முடுக்கிவிடுவதுதான் பலரும் செய்வது. ஆனால் எந்த டிஷ்ஷும் ஒரே கற்றையாக மட்டும் அலையை வாங்குவதில்லை. நடுக்கற்றையின் இரு பக்கமும் மங்கலான பக்கக் கற்றைகள் உண்டு. அவற்றுக்கும் ஆளுக்கொரு சிறு உச்சி இருக்கும்.

உண்மையான உச்சியை எப்படி அறிவது? மாடி ஏறும் முன்பே கணக்குப் போட வேண்டும். டவர் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அலைவரிசை 5.8 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 117 டெசிபல் இழப்பாகும். டவர் ஆண்டெனாவிலிருந்து புறப்படும் வலு 36, நம் டிஷ் சேர்த்துத் தருவது 23 என்றால்:

```
36 - 117 + 23 = -58 dBm
```

இரண்டு மூன்று டெசிபல் முன்பின் இருந்தால் கவலையில்லை. -75 காட்டினால் 17 டெசிபல் குறைவு. அதாவது வரவேண்டியதில் ஐம்பதில் ஒரு பங்குதான் வருகிறது. நடுவில் மரமோ கட்டடமோ இல்லையென்றால், டிஷ் பக்கக் கற்றையில் நிற்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது உச்சியோடு நின்றுவிடாமல், இரு பக்கமும் இருபது முப்பது டிகிரி தாண்டித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு சில விநாடி பொறுங்கள்; திரையில் எண் சற்றுத் தாமதித்தே மாறும். உயர்ந்த உச்சி கிடைத்ததும், அதன் இரு புறமும் வலு 3 டெசிபல் குறையும் இடங்களைக் குழாயில் குறித்து, அவற்றின் நடுவில் நிறுத்துவதே துல்லியம். உச்சி தட்டையாக இருப்பதால் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். பிறகு மேலும் கீழும் இதே சோதனை. குழாய் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் திருப்பும்போது உயரக் கோணமும் மாறிவிடும். ஆகவே ரசமட்டம் வைத்துக் குழாயை நேராக்கிவிட்டே தொடங்க வேண்டும்.

வலு சரியாக -58 வந்தும் இணையம் திணறினால், பக்கத்திலுள்ள இரைச்சல் எண்ணைப் பாருங்கள். அது -90 என்றால் இடைவெளி 32 டெசிபல், தாராளம். அக்கம்பக்கத்து ரேடியோக்கள் அதே சேனலில் இரைந்து அது -72 ஆகியிருந்தால் மிச்சம் 14தான். டிஷ்ஷை எவ்வளவு திருகினாலும் இது பெரிதாகத் தீராது. டவரின் சேனலை மாற்றச் சொல்லி இணைப்பு தருபவரிடம்தான் கேட்க வேண்டும்.