முப்பது நாள் பூட்டிய வீடு

மன்னார் எருக்கலம்பிட்டியில் ஒரு வீட்டைக் காட்டி “இங்கே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் புத்தளம் பக்கம் தஞ்சமடைந்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்து வீடு கட்டியவர்கள் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மகனின் கடை, மகளின் புகுந்த வீடு எல்லாம் அதற்குள் புத்தளத்தில் வேரூன்றிவிட்டன. அதனால் சில குடும்பங்களுக்கு இரண்டு ஊர், இரண்டு அடுப்பு. பெருநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் இங்கே, மற்ற மாதங்களில் அங்கே.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஓட்டுக் கூரை, இரண்டு அறை, கிணற்றடியில் ஒரு மோட்டார். தீக்காப்புறுதி எடுத்து, அதோடு புயலையும் வெள்ளத்தையும் சேர்த்திருக்கிறார்கள். சேர்க்காமல் இருக்கவும் முடியாது. 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பரில் டித்வா என்று பார்த்துவிட்ட மாவட்டம் இது. தவணைப் பணம் ஒழுங்காகப் போகிறது. வீட்டுக்காரர்கள் புத்தளத்தில். உம்மா மட்டும் ஊரில்தான், ஆனால் இரவில் தங்கையின் வீட்டில் படுத்துக்கொள்கிறார். பகலில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து கதவைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போவார்.

பத்திரத்தின் நடுப்பக்கத்தில், யாரும் வாசிக்காத இடத்தில், ஒரு நிபந்தனை இருக்கிறது. பழைய ஆங்கிலேயத் தீக்காப்புறுதிப் பத்திரங்களிலிருந்து வந்த வாசகம் அது. இலங்கையிலும் இந்தியாவிலும் பல பத்திரங்களில் சிறு மாற்றங்களோடு இன்னும் வருகிறது. சாரம் இதுதான்: காப்புறுதி செய்த கட்டடம் ஆளற்றுப்போய், முப்பது நாளுக்கு மேல் அப்படியே இருந்தால் அதற்கான காப்பு நின்றுவிடும். இழப்பு நேரும் முன்பே நிறுவனத்தின் சம்மதத்தைப் பெற்று, அது பத்திரத்தில் என்டோர்ஸ்மென்ட்டாக ஏறியிருந்தால் மட்டும் நிற்காது.

இதில் கவனிக்க வேண்டியது, காப்பு “நின்றுவிடும்” என்று இருப்பது. வீட்டில் ஆள் இல்லாததால்தான் சேதம் வந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனதை உள்ளே பத்துப் பேர் இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. அந்த நியாயம் இந்த வாசகத்தின் முன் எடுபடுவது கடினம்.

அந்த “ஆளற்று” என்ற சொல்லுக்கு, ஆங்கிலப் பத்திரத்தில் “அன்ஆக்யுபைட்” என்று இருக்கும் சொல்லுக்கு, பெரும்பாலும் எங்கும் விளக்கம் இருப்பதில்லை. உம்மா பகலில் வந்துபோவது குடியிருப்பதா? கட்டிலும் அலுமாரியும் உள்ளே இருந்தால் போதுமா? பெருநாளுக்கு வந்து நான்கு இரவு தங்கினால் முப்பது நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமா? நாற்பதாம் நாள் திரும்பி வந்து குடியேறினால் நின்ற காப்பு தானாக உயிர்பெறுமா, அடுத்த புதுப்பிப்பு வரை செத்தே கிடக்குமா?

முகவரிடம் கேட்டால் வரும் பதில் தெரிந்ததுதான். “ராத்தா, சாமான் எல்லாம் உள்ளதானே கிடக்கு? உம்மாவும் வந்துபோறா. அது குடியிருக்கிறதுதான், யோசிக்காதீங்க.” மனிதர் பொய் சொல்லவில்லை, தனக்குத் தோன்றியதைச் சொல்கிறார். ஆனால் சம்மதம் பத்திரத்தில் ஏற வேண்டும் என்று அதே நிபந்தனை சொல்லும்போது, வாசற்படியில் சொன்ன சொல் இழப்புக் கோரிக்கைக் கோப்பில் ஏறாது.

நீதிமன்றம் எப்படிப் பார்த்திருக்கிறது? 1971இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு ஜமெய்க்காவிலிருந்து மர்சூக்கா வழக்கு போனது. ஏறக்குறைய இதே முப்பது நாள் வாசகம்தான். கட்டடம் ஆளுள்ளது என்று சொல்ல, குறைந்தபட்சம் ஒருவர் அதற்குள் ஒழுங்காக, தினமும் இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. காப்புறுதி நிறுவனம் வென்றது. தீக்காப்புறுதியில் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றச் சொல்லும் 1852ஆம் ஆண்டுக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. அதனால் ஜமெய்க்கா தூரமாக இருந்தாலும் தீர்ப்பு தூரமில்லை. அதை வைத்துப் பார்த்தால் அலுமாரி ஆளாகாது. மூன்று நாளைக்கு ஒருமுறை முற்றம் கூட்டும் உம்மாவின் நிலையும் உறுதியானதல்ல.

“வாசகம் மயக்கமாக இருந்தால் அதை எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்வார்களாமே” என்று கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் புஷ்பாலயா பிரிண்டர்ஸ் வழக்கில் அப்படித்தான் சொன்னது. ஓர் அச்சகத்துக்குப் பக்கத்து வீதியில் புல்டோசர் ஓடிய அதிர்வில் கட்டடமும் இயந்திரமும் சேதமாயின. பத்திரத்தில் வாகனம் “மோதுவது” என்று இருந்தது, நேரே வந்து இடிக்கவில்லையே என்றது நிறுவனம். அதிர்வும் அதில் அடங்கும், ஐயமிருந்தால் காப்புறுதிதாரர் பக்கம் என்றது நீதிமன்றம். ஆனால் அந்த அச்சகம் அந்தப் பதிலைப் பெற உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தவிர, மர்சூக்கா மாதிரி ஒரு தீர்ப்பு ஏற்கெனவே ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லியிருந்தால் அங்கே மயக்கமே இல்லை என்று நிறுவனத்தின் சட்டத்தரணி வாதாடுவார்.

ஆகவே கூரை கூரையாக இருக்கும்போதே கடிதம் எழுதிவிடுவது மேல். முகவருக்கு அல்ல, தலைமை அலுவலகத்தில் காப்புறுதியை ஏற்பதா என்று முடிவெடுக்கும் பிரிவுக்கு. ஆங்கிலத்தில் அவர்கள் அதை அண்டர்ரைட்டிங் பிரிவு என்பார்கள். கிளை முகாமையாளருக்கு ஒரு பிரதி, வீட்டுக்கடன் இருந்தால் வங்கிக்கும் ஒன்று. மன்னார் தபாலகத்தில் பதிவுத் தபாலாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாள் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

பலர் சறுக்குவது கேள்வியில். “என் வீட்டுக்குக் காப்பு உண்டா?” என்று கேட்டால் “பத்திரத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு உண்டு” என்று ஒரு வரி வரும். அது பதிலே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி, ஆம் அல்லது இல்லை என்று முடியும்படி கேட்க வேண்டும். நமது உதாரண வீட்டுக்கு இப்படி எழுதலாம்:

“மேற்படி இலக்கப் பத்திரத்தின் கீழ் காப்புறுதி செய்த என் வீட்டில், வருடத்தில் ஏறத்தாழ எட்டு மாதம் இரவில் எவரும் தங்குவதில்லை. என் தாயார் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பகலில் வந்து வீட்டைத் திறந்து பராமரிக்கிறார். தளபாடங்கள் உள்ளேயே உள்ளன. முப்பது நாள் பற்றிய நிபந்தனையின்படி இந்த நிலையில் வீடு ஆளற்றதாகக் கருதப்படுமா? கருதப்படுமெனில், இழப்பு எதுவும் நேராத இந்த வேளையிலேயே, தீ, புயல், வெள்ளம் ஆகிய மூன்றுக்கும் காப்புத் தொடர்வதற்கான தங்கள் சம்மதத்தை என்டோர்ஸ்மென்ட்டாக வழங்குமாறு கேட்கிறேன். மேலதிகக் கட்டணமோ நிபந்தனையோ இருந்தால் அறியத் தரவும். நாங்கள் திரும்பக் குடியேறும் நாளிலிருந்து காப்பு தானாகத் தொடருமா என்பதையும் தெரிவிக்கவும்.”

அவ்வளவு போதும். மாதத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். “எப்போதாவது பூட்டியிருக்கும்” என்று எழுதி வாங்கிய சம்மதம், எட்டு மாதம் பூட்டியிருந்த வீட்டுக்குச் செல்லாது. காப்புறுதி உடன்படிக்கை இரு தரப்பும் ஒளிக்காமல் பேசுவதன் மேல் நிற்பது. பக்கத்து வீட்டாரிடம் விசாரித்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும், ஊர் அப்படி.

சம்மதம் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் லாபம்தான். உம்மாவை இரவில் இங்கேயே படுக்கச் சொல்வதா, முன் அறையை ஓர் ஆசிரியருக்கு வாடகைக்கு விடுவதா, வேறு நிறுவனத்தைப் பார்ப்பதா என்று நேரத்தோடு முடிவெடுக்கலாம். சம்மதம் என்று சாதாரணக் கடிதமாக வந்தால் நன்றி சொல்லி, அதையே பத்திர இலக்கமும் தேதியும் கையொப்பமும் உள்ள என்டோர்ஸ்மென்ட்டாகக் கேளுங்கள். மழுப்பலாக வந்தால் அதே கேள்வியை மறுபடி, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், அங்கும் அசைவில்லையென்றால் கொழும்பிலுள்ள இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் பிரதிகளோடு எழுதலாம். காப்புறுதி ஒம்புட்ஸ்மன் பெரும்பாலும் பிந்திய கட்டத்துக்குரியவர். கோரிக்கையை நிறுவனம் மறுத்த பிறகு, நீதிமன்றம் போகும் முன் நாட வேண்டிய இடம் அது. அந்தக் கட்டத்தில் உங்கள் கையிலுள்ள கடிதமும் தபால் பற்றுச்சீட்டும் பேசும்.

கடிதம் எழுதுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. நிறுவனம் வாசித்துவிட்டு, இந்த வீடு வேண்டாம் என்று பத்திரத்தையே ரத்து செய்யலாம். பெரும்பாலான பத்திரங்களில் அதற்கு இடமிருக்கிறது. மேற்கு வங்கத்தில் கங்கைக் கரையிலுள்ள துலியானில் 1950இல் அதுதான் நடந்தது. ஆற்றரிப்பையும் சேர்த்து வீடுகளுக்குக் காப்புறுதி ஏற்றுக்கொண்ட நிறுவனம் சில வாரங்களில் அதை ரத்து செய்தது. பிறகு ஆறு வீடுகளைக் கொண்டுபோனது. சந்த்மல் ஜெயின் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தகராறில் 1966இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் ரத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லும் வாரத்தில் இந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். வாடை தொடங்க மாதக்கணக்கில் இருக்கும்போது, ஏப்ரல் மே வாக்கில் எழுதினால், ரத்தானாலும் வேறொரு நிறுவனத்தைத் தேட அவகாசம் இருக்கும்.

புதுப்பிக்கும்போது இன்னொன்று பார்க்க வேண்டும். பொதுவாக ஒவ்வொரு வருடமும் அது புது உடன்படிக்கை. போன வருட என்டோர்ஸ்மென்ட் இந்த வருடப் பத்திரத்திலும் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் பணம் கட்டும் முன் கேளுங்கள். மூலப் பத்திரத்தையும் கடிதங்களையும் எருக்கலம்பிட்டி அலுமாரியின் அடித்தட்டில் வைக்காமல் புத்தளம் வீட்டில் வைத்திருங்கள். வெள்ளம் முதலில் நனைப்பது அந்தத் தட்டைத்தான்.